கொடி விழுந்த இடத்தில் ஈரமாக ஒரு சிவப்பு மொட்டு: இது சீழ் பிடித்ததா?

சேலத்துக்காரி | மார்ச் 4, இரவு 11.20

பெண் குழந்தை, பிறந்து இன்றோடு 13 நாள். ஒன்பதாம் நாள் கொடி தானாக விழுந்தது. விழுந்த அன்று துணியில் இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஆனால் தொப்புள் காயவே இல்லை. இன்று மாலை துடைத்துவிடும்போது பார்த்தேன், குழிக்குள் துவரம் பருப்பு அளவில் ஒரு சதை இருக்கிறது. இளஞ்சிவப்பு, வழவழப்பு, நாக்கு நுனி மாதிரி ஈரம். சட்டையில் மஞ்சளாக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை.

மாமியார் "சீழ் பிடிச்சிருச்சு" என்கிறார். என் அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவச் சொல்கிறார். நான் இரண்டையும் செய்யாமல் இங்கே வந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் கோவையில், வெள்ளிக்கிழமைதான் வருவார். மோந்து பார்த்தேன், ஈரத் துணியை மடித்து வைத்தால் வருமே அந்த மாதிரி லேசான வாடை. இது சீழ்தானா? இப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா?

கொங்கு அப்பா | மார்ச் 4, இரவு 11.42

சந்தேகமே வேண்டாம் தங்கச்சி, அது சீழ்தான். கொடி விழுந்த பிறகு ஈரம் இருந்தாலே தொற்று. எங்கள் இரண்டாவது பையனுக்கு அப்படியே இருந்தது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் பவுடர் கேட்டால் தருவார்கள், மூன்று வேளை போடுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினாலோ, தொட்டால் குழந்தை வீறிட்டாலோ, நாற்றம் குடலைப் புரட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. இல்லையென்றால் பவுடர் போதும்.

வார்டு அக்கா | மார்ச் 5, இரவு 12.10

கொங்குத் தம்பி, கடைசியில் சொன்னது அத்தனையும் சரி. முதலில் சொன்னதுதான் சரியில்லை. ஈரமெல்லாம் சீழ் ஆகாது. பவுடர் இப்போது போட வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து களியாகிக் குழிக்குள் அடைத்துக்கொள்ளும், காலையில் டாக்டர் பார்க்கும்போது சதை எது பவுடர் எது என்று தெரியாது.

சேலம் பெண்ணே, பச்சிளங்குழந்தை வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன். நீ இவ்வளவு நேரம் சதையைப் பார்த்தாய். இப்போது சதையை விட்டுவிடு, அதைச் சுற்றியிருக்கிற தோலைப் பார். டியூப்லைட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, டயபரை இறக்கிவிட்டுப் பார். தொப்புளின் விளிம்பிலிருந்து வெளியே ஒரு விரல் அகலம் வரை தோல் என்ன நிறம்? தொடைத் தோலும் அதுவும் ஒரே நிறமா? தடித்திருக்கிறதா, பளபளவென்று இழுத்துக்கட்டியது போல் இருக்கிறதா? புறங்கையை வைத்துப் பார், மற்ற வயிற்றைவிடச் சூடாக இருக்கிறதா? விரல் நுனியால் மெல்ல அழுத்து. முகம் சுளிக்கிறாளா, காலை மடக்கி அழுகிறாளா?

அப்புறம் அக்குளில் தெர்மாமீட்டர் வை. கடைசியாக எப்போது, எவ்வளவு நேரம் பால் குடித்தாள்? இன்று எத்தனை முறை ஒன்றுக்குப் போனாள்?

பதில் எழுது. விழித்துத்தான் இருக்கிறேன்.

சேலத்துக்காரி | மார்ச் 5, இரவு 12.38

அக்கா, பார்த்துவிட்டேன். தோல் தொடை மாதிரியேதான் இருக்கிறது. வீக்கம் இல்லை, சூடும் இல்லை. அழுத்தினால் ஒன்றும் சொல்லவில்லை, என் விரலைப் பிடித்துக்கொண்டாள். டெம்பரேச்சர் 98.1. பதினொரு மணிக்குத்தான் இருபது நிமிடம் பால் குடித்தாள். ஈரத்துணி இன்று எட்டு மாற்றினேன். சந்தேகமாக இருந்ததால் சதையின் மேல் காஸ் துணியை ஒற்றி எடுத்தேன். வந்தது கட்டியான சீழ் இல்லை, வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி, கொஞ்சம் பிசுபிசுப்பு.

ஒரு கேள்வி. இவள் நல்ல மாநிறம். சிவந்திருந்தால் எனக்குத் தெரியுமா?

வார்டு அக்கா | மார்ச் 5, இரவு 12.55

சரியான கேள்வி கேட்டாய். இதை யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்குப் புத்தகப் படத்தில் இருக்கிற மாதிரி செக்கச்சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பு, சில பிள்ளைகளுக்கு ஊதா கலந்த பழுப்பு, அவ்வளவுதான் தெரியும். அதனால்தான் கண்ணை மட்டும் நம்பாமல் சூடு, தடிப்பு, பளபளப்பு, வலி எல்லாம் கேட்டேன். அந்த நான்கும் இல்லை, பாலும் குடிக்கிறாள், சூடும் சரியாக இருக்கிறது என்றால் இந்த நேரத்தில் ஆட்டோ தேட வேண்டியதில்லை. காலையில் குழந்தை டாக்டரிடம் கட்டாயம் காட்டு.

நீ சொல்கிற அடையாளத்துக்கு அது கிரானுலோமாவாக இருக்கலாம். கொடி விழுந்த புண் தோலால் மூடுவதற்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகச் சதை வளர்ந்துவிடுவது. அதில் நரம்பு கிடையாது, தொட்டால் வலிக்காது. கசிவது நிணநீர் மாதிரி, சீழ் அல்ல. ஆனால் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

ராத்திரி பாலுக்கு எழும்போதெல்லாம் தோலை ஒருமுறை பார்த்துவிடு. நான் கேட்டவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் காலை வரை காத்திருக்காதே. மஞ்சள் எண்ணெய் வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

சிங்கை மாமி | மார்ச் 5, காலை 6.30

எங்கள் பேரனுக்கும் தொப்புள் இப்படித்தான் வெளியே துருத்திக்கொண்டு இருந்தது. அழும்போது எலுமிச்சம்பழம் மாதிரி வரும். ஊரிலிருந்து அக்கா வந்து ஐந்து ரூபாய் நாணயத்தைத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டிவிட்டாள். ஒரு வயதில் உள்ளே போய்விட்டது. பயப்படாதே அம்மா.

வார்டு அக்கா | மார்ச் 5, காலை 7.05

மாமி, நீங்கள் சொல்வது குடலிறக்கம். தொப்புள் ஓட்டை முழுதாக மூடாமல் தோலோடு சேர்ந்து துருத்துவது. அதன் மேல் தோல் இருக்கும், ஈரம் இருக்காது, அமுக்கினால் உள்ளே போகும். இந்தப் பெண் கேட்பது வேறு. உங்கள் பேரனுக்கு நாணயம் கட்டாவிட்டாலும் உள்ளே போயிருக்கும், பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். இவள் குழந்தைக்கு நாணயம் கட்டினால் ஈரமும் அழுக்கும் அடியில் தங்கி, இல்லாத தொற்று வந்து சேரும்.

சிங்கை மாமி | மார்ச் 5, காலை 7.20

ஓ, அப்படியா. கண்ணாடி போடாமல் படித்துவிட்டேன். நாணயம் கட்டாதே அம்மா.

சேலத்துக்காரி | மார்ச் 5, பிற்பகல் 2.15

பார்த்துவிட்டு வந்தோம். டாக்டர் பஞ்சால் குழியை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். சதையின் நடுவில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினார். குழந்தை ஒன்றுக்குப் போகும்போதோ அழும்போதோ தொப்புளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். கிரானுலோமாதான் என்றார். ஐந்து மில்லிமீட்டர்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுச் சுட்டுவிடுவது, அங்கேயே ஒரு நிமிடம். இன்னொன்று, வீட்டில் சாதாரணத் தூள் உப்பு. எனக்குச் 'சுடுவது' என்ற சொல்லே பிடிக்கவில்லை, உப்பு என்றேன். சதை மூடுகிற அளவுக்கு ஒரு சிட்டிகை வைத்து, காஸ் துணியை மடித்து மேலே வைத்து, அரை மணி நேரம் கழித்து ஆறிய வெந்நீரில் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, மூன்று நாள். ஒரு வாரம் கழித்துக் காட்டச் சொன்னார்.

மாமியார் "உப்புக் கண்டமா போடுறீங்க" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டார். ஏறக்குறைய அதே கணக்குதான் பாட்டி, உப்பு சதையிலிருக்கிற தண்ணீரை இழுத்துவிடும், சதை சுருங்கிவிடும் என்றார் அவர். அதற்குப் பிறகு மாமியார் என் பக்கம் வந்துவிட்டார்.

தஞ்சை மருமகள் | மார்ச் 5, இரவு 9.40

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். சேலம் அக்காவின் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன். பயமுறுத்த இல்லை. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்தவள் ஒருத்தியாவது சொல்ல வேண்டும்.

என் மகன், மூன்று வருடம் முன்பு. ஆறாம் நாள். கொடி இன்னும் விழவில்லை. வீட்டில் வசம்பைச் சுட்டு விளக்கெண்ணெயில் குழைத்து வயிற்றிலும் கொடியின் அடியிலும் தடவியிருந்தார்கள். காலையில் கொடியைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம், ஊதா மருந்து தடவி அனுப்பினார்கள். வயிறெல்லாம் ஊதா. அதற்கு மேல் சிவப்பு எவ்வளவு பரவியது என்று யாராலும் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்றம். அதை ஈரத் துணி வாடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கெட்டுப்போன மீன் வைத்த பையைத் திறந்த மாதிரி. அறைக்கு வெளியே நின்ற என் தம்பி கேட்டான், எலி ஏதாவது செத்துக்கிடக்கிறதா என்று. ஊதாவைத் துடைத்துப் பார்த்தேன். தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுமினுத்தது, அடியில் கல் மாதிரி கெட்டி. கொடியின் மேல் பக்கம் விலா எலும்பை நோக்கி ஒரு கோடு போலச் சிவப்பு.

எங்கேயோ படித்திருந்தேன், சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வைத்து, தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று. போட்டேன். போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்பது மணிக்குக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போயிருந்தது. பால் வாயில் வைத்தால் உதடு அசையவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தோம், 95.5. காய்ச்சல் இல்லை, அப்பாடா என்று என் கணவர் சொன்னார். அந்த ஒரு சொல் இன்னும் காதில் இருக்கிறது.

108 கூப்பிட்டோம். அரசு ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை பிரிவில் சேர்த்தார்கள். இரண்டு வகை ஆன்டிபயாடிக் நரம்பில், 14 நாள். பிழைத்தான். இப்போது வீட்டையே புரட்டிப் போடுகிறான். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை நான் ஏன் காத்திருந்தேன் என்ற கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

வார்டு அக்கா | மார்ச் 5, இரவு 10.30

தங்கம், நீ காத்திருந்தது அறியாமல். காலையிலேயே ஒருத்தர் அவனைப் பார்த்துவிட்டு ஊதா மருந்தால் மூடி அனுப்பியிருக்கிறார். அந்தப் பாரத்தையும் சேர்த்து நீயே சுமக்காதே.

நீ எழுதியதில் இரண்டு இடத்தை எல்லோரும் திரும்பப் படிக்க வேண்டும். ஒன்று, 95.5. பச்சிளங்குழந்தைக்குத் தொற்று முற்றினால் காய்ச்சல் வரலாம், வராமல் உடம்பு சில்லிட்டும் போகலாம். இரண்டும் ஒரே ஆபத்துதான். அக்குளில் 97.7 முதல் 99.5 வரை சரி. 99.5-ஐத் தாண்டினாலும் போக வேண்டும், 95.9-க்குக் கீழே இறங்கினாலும் போக வேண்டும். நடுவில் குறைவாக இருந்தால் நெஞ்சோடு தோலுக்குத் தோல் அணைத்து வைத்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்க்கலாம். ஆனால் தொப்புளும் சிவந்திருக்கிறது என்றால் அந்தப் பரிசோதனைக்கும் நேரம் செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது, மேல் பக்கம் போன அந்தக் கோடு. வயிற்றுக்குள் இருக்கும்போது கொடியின் பெரிய ரத்தக்குழாய் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. பிறந்த பிறகு மூடிக்கொள்ளும், ஆனால் முதல் நாட்களில் அது இன்னும் ஒரு பாதைதான். வெளியே தோலில் ஒரு அங்குலம் சிவந்திருக்கிறது என்று நாம் பார்க்கும் நேரத்தில் கிருமி உள்பாதையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. கையில் ஒரு சிரங்கு சிவப்பதும் தொப்புளைச் சுற்றிச் சிவப்பதும் ஒன்றில்லை என்று வார்டில் நாங்கள் பதறுவது இதனால்தான். உன் பையனுக்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகு வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா?

தஞ்சை மருமகள் | மார்ச் 5, இரவு 10.44

எடுத்தார்கள் அக்கா. கல்லீரலுக்குப் போகிற குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க என்றார்கள். இல்லை. அப்போது எதற்கென்றே புரியவில்லை, இப்போதுதான் புரிகிறது.

கொங்கு அப்பா | மார்ச் 6, காலை 8.10

பேனாக் கோடு நல்ல யோசனைதானே? அதைப் போட்டது தப்பா? பெரியவர்களுக்குக் கால் சிவந்தால் டாக்டரே கோடு போட்டு அனுப்புகிறார்.

வார்டு அக்கா | மார்ச் 6, காலை 8.50

கோடு தப்பில்லை தம்பி, கோடு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் தப்பு. போடுங்கள், பக்கத்தில் மணியையும் எழுதுங்கள், எழுதிய கையோடு கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கிறவருக்கு, "ஐந்து மணிக்கு இங்கே இருந்தது, ஆறு மணிக்கு இங்கே வந்துவிட்டது" என்று அது சொல்லும். எங்களுக்கு அது பொன் மாதிரி. பெரியவர் காலுக்கு ஒரு ராத்திரி பார்க்கலாம். பிறந்த குழந்தைக்கு அந்த ராத்திரி கிடையாது.

எவ்வளவு சிவந்தால் போவது என்று கேட்பீர்கள். கொடி காயும்போது அடியில் நூல் அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு வளையம் இருப்பது சகஜம். அது அப்படியே நின்று மங்கிவிடும். தோலுக்கு மேல் ஏறி ஒரு சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் அகலம், தாண்டினால் அதைத் தீவிரத் தொற்றாகத்தான் எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருந்தாலும் சீழ் வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

கொங்கு அப்பா | மார்ச் 6, காலை 9.15

சரி அக்கா. அப்படியானால் நாற்றம்? முதல் நாள் சேலம் தங்கச்சி வாடை இருக்கிறது என்றார், நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லையே.

வார்டு அக்கா | மார்ச் 6, மதியம் 1.20

கண்டுகொண்டேன், அதனால்தான் தோலைப் பார்க்கச் சொன்னேன். கொடி என்பது ரத்த ஓட்டம் நின்றுபோன சதை, காய்ந்து உதிர்வது. அதில் லேசாக ஒரு வாடை இருக்கும், குனிந்து மூக்கை வைத்தால்தான் தெரியும். தானே தேடிவந்து அறையை நிரப்புகிற நாற்றம் வேறு. ஆனாலும் நாற்றத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல எனக்கு 22 வருடத்துக்குப் பிறகும் தைரியம் கிடையாது. நாற்றமே இல்லாமல் தோல் சிவந்து வீங்கி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

சேலத்துக்காரி | மார்ச் 7, மாலை 6.05

அக்கா, அவசரம். இன்று காலை உப்பு வைத்துவிட்டு அவளோடு நானும் தூங்கிவிட்டேன். எழுந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காஸ் துணியை எடுத்தால் சுற்றிலும் சிவப்பு! கை நடுங்கியது. இப்போது மாலை, அந்தச் சிவப்பு இன்னும் லேசாக இருக்கிறது. இது பரவுகிற சிவப்பா?

வார்டு அக்கா | மார்ச் 7, மாலை 6.20

அதன் வடிவம் என்ன? உப்பும் ஈரத் துணியும் பட்ட இடம் மட்டுமா? காலையைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? தடிப்பு, சூடு, வலி?

சேலத்துக்காரி | மார்ச் 7, மாலை 6.31

துணி இருந்த இடம் மட்டும்தான் அக்கா. ஒரு பக்கம் மடிப்பின் நேர்கோடு கூட அப்படியே பதிந்திருக்கிறது. காலையைவிட நன்றாகக் குறைந்துவிட்டது. தடிப்பு இல்லை. 98.4. பால் குடித்துக்கொண்டே இதை டைப் செய்ய விடமாட்டேன் என்கிறாள்.

வார்டு அக்கா | மார்ச் 7, மாலை 6.40

அப்பாடா. அது உப்பு அரித்த சிவப்பு. தொற்று நேர்கோட்டில் மடிந்து நிற்காது, நேரம் போகப் போகக் குறையவும் செய்யாது. இன்று மாலை உப்பு வேண்டாம், நாளையும் விட்டுவிடு. வெறும் தண்ணீரில் துடைத்து, காற்றாட விடு. டயபர் மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடு, இல்லையென்றால் மூத்திர ஈரம் அந்தத் தோலில் எரியும். நாளைக் காலை அந்தச் சிவப்பு இருந்தால் டாக்டரிடம் போ.

அடுத்த முறை போனில் அலாரம் வைத்துக்கொண்டு உப்பு வை. சதை மேல் மட்டும் ஒரு சிட்டிகை. பச்சிளங்குழந்தைத் தோல் மெல்லியது, அதிகம் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்பது கிடையாது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: டாக்டர் பார்த்து கிரானுலோமா என்று சொன்ன பிறகுதான் உப்பு. தொற்று இருக்கிற தொப்புளில் உப்பு வைத்து மூன்று நாள் காத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தஞ்சை மருமகள் | மார்ச் 8, காலை 7.00

சேலம் அக்கா, எப்படி இருக்கிறது?

சேலத்துக்காரி | மார்ச் 8, காலை 7.45

சிவப்பு சுத்தமாகப் போய்விட்டது. சதையும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, அந்தப் பளபளப்பு இல்லை. நாளையிலிருந்து மறுபடி உப்பு. அலாரம் வைத்தாயிற்று.

கொங்கு அப்பா | மார்ச் 9, இரவு 10.15

முதல் நாள் நான் அவசரப்பட்டு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பையனுக்கு இதே மாதிரி சிவப்பு மொட்டுதான். பவுடர் போட்டோம், காயவில்லை. டாக்டர் சில்வர் நைட்ரேட் தொட்டார், ஒரு வாரம் கழித்து மறுபடி தொட்டார், அப்போதும் சுருங்கவில்லை. தோலில் கறுப்புக் கறை விழுந்ததுதான் மிச்சம். மூன்றாவது மாதம் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டு, இது கிரானுலோமா இல்லை, பாலிப், குடலின் உள்சவ்வு கொஞ்சம் தொப்புளில் தங்கிவிட்டது என்றார். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதனால் தொப்புளில் ஈரம் என்றாலே எனக்குப் பதற்றம். தொற்று என்று நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பையனுக்கும் இருந்தது தொற்று இல்லை என்பதே இங்கே படித்த பிறகுதான் உறைக்கிறது.

வார்டு அக்கா | மார்ச் 9, இரவு 11.00

தம்பி, இது முக்கியமான செய்தி. முதல் நாளே எழுதியிருக்கலாம்! பாலிப் பார்க்க இன்னும் அடர் சிவப்பாக, தொட்டால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஆனால் ஆரம்பத்தில் டாக்டர்களுக்கே குழம்பும். உப்புக்கும் சுருங்காது, குச்சிக்கும் சுருங்காது, அதுதான் அதன் அடையாளம். சேலம் டாக்டர் நடுவில் ஓட்டை தேடியதும் இந்த வகைக்குத்தான். தொப்புளிலிருந்து மூத்திரம் மாதிரி தெளிவாகச் சொட்டினால் அது மூத்திரப்பையிலிருந்து வருகிற பழைய பாதை மூடாமல் இருப்பது. மலம் மாதிரி வந்தால் குடலோடு தொடர்பு. இவையெல்லாம் அரிது, ஆனால் சொல்லிவைக்கிறேன்.

உப்பா குச்சியா என்று இனி யாராவது கேட்பீர்கள். எங்கள் வார்டிலேயே இரண்டு கட்சி இருந்தது. குச்சி சீக்கிரம் முடியும், ஆனால் பக்கத்துத் தோலில் வழிந்தால் சுட்டுவிடும். அதனால் சுற்றிலும் வாசலின் தடவிவிட்டுத்தான் தொடுவார்கள். எதுவும் செய்யாமல் சுத்தமாக வைத்திருந்தாலே சிலது தானாக ஆறியும் இருக்கிறது. உப்பு வைத்து ஆறியதா, ஆற வேண்டிய நாள் வந்து ஆறியதா என்று எனக்குப் பலமுறை சந்தேகம் வந்ததுண்டு. எது சிறந்தது என்று நான் கட்சி கட்ட மாட்டேன், பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும்.

சிங்கை மாமி | மார்ச் 10, காலை 6.40

அந்தக் காலத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்போமே, இப்போது அதுவும் வேண்டாமா?

வார்டு அக்கா | மார்ச் 10, காலை 9.00

நானே ஆயிரம் கொடிக்கு ஸ்பிரிட் போட்டிருப்பேன் மாமி. இப்போது வேண்டாம் என்கிறார்கள். போட்டால் கொடி விழத் தாமதமாகிறது, வேறு லாபம் இல்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவு, கொடியை உலர்வாக விடு, ஒன்றும் தடவாதே, அவ்வளவுதான். வீட்டில் பிரசவம் நடந்து, சாணமோ சாம்பலோ தடவுகிற வழக்கம் இருக்கிற இடங்களில் அதற்குப் பதிலாகக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவச் சொல்கிறார்கள். சுத்தமான ஆஸ்பத்திரியில் பிறந்து வந்த குழந்தைக்கு அதுவும் தேவையில்லை.

சேலத்துக்காரி | மார்ச் 12, மாலை 5.30

இன்று காட்டிவிட்டு வந்தோம். மிளகு அளவுக்குச் சுருங்கி, பழுப்பாக, காய்ந்த திராட்சை மாதிரி இருந்தது. டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார், தானாக உதிரும், இரண்டு வாரத்தில் ஈரம் திரும்பினால் மட்டும் வா என்றார். மூன்று நாளாகச் சட்டையில் கறையே இல்லை. மாமியார் ஒவ்வொரு சட்டையையும் வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

விழுந்த கொடியை அவர் பஞ்சில் சுற்றி மஞ்சள் டப்பாவில் வைத்திருக்கிறார், வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவதற்கு. கட்டலாமா அக்கா?

வார்டு அக்கா | மார்ச் 12, இரவு 8.15

நன்றாகக் காய்ந்து, மூடி இறுகியிருந்தால் தாயத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. தொப்புள் முழுதாக ஆறி ஒரு மாதம் போகட்டும், அப்புறம் கட்டச் சொல். கயிறு தொப்புள் மேல் உரசக் கூடாது. கழுத்தில் மட்டும் வேண்டாம், இறுகிக்கொள்ளும்.

சேலத்துக்காரி | மார்ச் 16, காலை 10.00

உதிர்ந்துவிட்டது. குளிப்பாட்டும்போது துணியோடு வந்தது. அடியில் காய்ந்த, சுத்தமான தொப்புள்.

புது ஆள் | ஏப்ரல் 2, இரவு 1.25

மன்னிக்கவும், பழைய இழை என்று தெரியும். இதைத் தேடித்தான் வந்தேன். என் அக்கா குழந்தை, ஐந்தாம் நாள், கொடி விழவில்லை. அடியில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். கழுவிப் பார்த்தோம், சுற்றி ஒன்றரை விரல் சிவந்து கெட்டியாக இருக்கிறது. தொட்டால் கத்துகிறான். பத்து மணியிலிருந்து பால் சரியாகக் குடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, அதனால் விடியட்டும் என்கிறார் மாமா.

தஞ்சை மருமகள் | ஏப்ரல் 2, இரவு 1.27

விடிய வேண்டாம். 108 கூப்பிடுங்கள். மாமாவிடம் மார்ச் 5-ல் நான் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், வண்டியில் ஏறிய பிறகு.

வார்டு அக்கா | ஏப்ரல் 2, இரவு 1.31

கிளம்பு. பச்சிளங்குழந்தை பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். குழந்தையை அம்மா நெஞ்சோடு அணைத்து, தலைக்குத் துணி போட்டுச் சூடு குறையாமல் கொண்டுபோங்கள். குடித்தால் தாய்ப்பால் கொடுக்கலாம், விழுங்க மாட்டாதவனுக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். தொப்புளில் இனி எதையும் தடவாதே. பேனா இருந்தால் சிவப்பின் விளிம்பில் ஒரு கோடு, பக்கத்தில் மணி. வண்டி வருகிற நேரத்தில் போட்டால் போதும்.

புது ஆள் | ஏப்ரல் 2, இரவு 1.33

வண்டி வருகிறது.

புது ஆள் | ஏப்ரல் 2, காலை 6.10

சேர்த்துவிட்டார்கள். கையில் ஊசிக்கு நரம்பு கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது, இப்போது மருந்து ஏறுகிறது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். 1.40-க்குப் போட்ட கோட்டை இங்கே வருவதற்குள் தாண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் உடனே உள்ளே எடுத்துப்போனார்கள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் எழுதுகிறேன்.